வீங்கிய ரப்பர் வளையமும் வேன் சாவியும்

வாஷர் பக்கத்தில் நடந்து போனாலே போதும், கோளாறான பிரேக்கும் பயந்து ஒழுங்காகப் பிடிக்கும் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு தடவை பள்ளத்தில் உருண்டு வந்த தண்ணீர் வண்டியை அவள் முறைத்தே நிறுத்தினாளாம். மாட்டு வண்டியா லாரியா என்று கேட்டால் கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். இந்தக் கதைகளை எல்லாம் கிளப்பிவிட்டது யார் என்று தேடிப் போனால், கால் கடைசியில் வாஷரின் வாசலிலேயே வந்து நிற்கும். தன் பெருமையைத் தானே பேசுவது தப்பு என்று அவளிடம் யாரோ சொன்னார்கள். "அடுத்தவங்க பேசுவாங்கன்னு காத்திருந்தா ஆயுசு முடிஞ்சிடும்" என்றாள்.

வாஷர் என்பது பட்டப்பேர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தண்ணீர்க் குழாய்க்கு, பம்புக்கு, பிரேக்குக்கு என்று விதவிதமான வளையங்கள். அச்சிலிருந்து சூடாக வந்து விழுவதை ஒவ்வொன்றாக விரலில் உருட்டி, நல்லது ஒரு கூடை, கெட்டது ஒரு கூடை என்று பிரிப்பது அவள் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிப்பாள். பிரேக்குக்கான வளையங்கள் இருந்த கூடத்துக்கு மட்டும் ஒரு கெடுபிடி: சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மேற்பார்வை அம்மாளிடம் விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த ஜாதி ரப்பர் வீங்கிப்போகும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பற்றி அப்போது அவள் புலம்பாத நாள் இல்லை.

கட்டிக்கொண்டது வண்டி மெக்கானிக்கை. ஒர்க்‌ஷாப்பில் அவர் இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, பிரேக்கு இவள் கைக்கு வந்தது. வந்தது என்றால், இவளாகப் பிடுங்கிக்கொண்டது. "ஓடவைக்கிறது யாரும் செய்யலாம். நிக்க வைக்கணும் பாருங்க, அதுக்குத்தான் ஆள் வேணும்" என்று புருஷன் முகத்துக்கு நேரே சொல்வாள். அவரும் சிரித்துக்கொள்வார். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்த வீட்டில் இன்னொரு பெருமைக்காரர் மாமனார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஒன்று வைத்திருந்தார். அவர்தான் முதலாளி, அவர்தான் டிரைவர், அவர்தான் துடைப்பவர். வேனைவிட அவருக்குப் பிரியமானது ஒன்று உண்டென்றால் அது சீட்டுக்கு அடியில் வைத்திருந்த கிரீஸ் டின். கதவு கிறீச்சிட்டால் கிரீஸ், கண்ணாடி இறங்க மறுத்தால் கிரீஸ். முழங்கால் வலிக்கு மட்டும்தான் அதை அவர் பூசிப் பார்க்கவில்லை. அதையும் யாராவது கேட்டிருந்தால் பூசியாச்சு என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்டவரின் வேனுக்கு வருஷாந்தரப் பரிசோதனை வந்தது. அதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு ரகளை.

ரகளையைத் தொடங்கியது நாத்தனார். மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் நர்ஸ். அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள், அதனால் அவள் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒருநாள் அப்பாவோடு வேனில் போனவள், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி வலது பக்கம் ஒதுங்குவதைப் பார்த்துவிட்டாள். வந்து இறங்கியதும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, உங்க கையில தெம்பு போயிடுச்சு. ஸ்டியரிங்க நேரா பிடிக்க முடியல. வேனை வித்துடுங்க."

"என் கைக்கு என்ன? வண்டிதான் கொஞ்சம் அடம் பிடிக்குது."

"வண்டி அடம் பிடிச்சா பரிசோதனையில தெரிஞ்சிடும். பாஸாச்சுன்னா ஓட்டுங்க, நான் வாயத் திறக்கல. பாஸாகலேன்னா சாவிய என் கையில கொடுத்துடணும்."

கிழவர் மீசையைத் தடவிக்கொண்டார். "கொடுத்துடறேன்" என்றார். வீம்புக்குச் சொல்லிவிட்டாரே ஒழிய, அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அந்த வேன் இல்லாவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது.

பரிசோதனை நாள் பள்ளிக்கு விடுமுறை. காலையிலேயே வேனைக் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார். நாத்தனாரும் கூடவே வந்தாள். வீட்டுச் சண்டைக்கு நடுவர் மாதிரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"புது பிரேக் பேட் வாங்கி வச்சிருக்கேன் மாமா. முன் சக்கரம் ரெண்டுக்கும் மாத்திட்டா மத்தியானம் ராஜா மாதிரி போலாம்" என்றாள் வாஷர்.

வலது முன் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். தொடவே வேண்டியிருக்கவில்லை. தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது. கருகிய வாடை வேறு. இடது பக்கம் வெதுவெதுப்பாக, நல்ல பிள்ளையாக இருந்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தால், இடது சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது; வலது சக்கரம் மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகள் மாதிரி இழுத்துப் பிடித்து நகர்கிறது.

"இந்தப் பக்கம் பிரேக்கு பிடிச்சது விடவே இல்ல" என்றாள்.

சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்தது. இடது பக்கத்து பேட் பாதி மிச்சம். வலது பக்கத்தில் தகடு தெரியத் தேய்ந்து போயிருந்தது.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பது பேட். அது தேயத்தேய, அதைப் பின்னாலிருந்து தள்ளுகிற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். புது பேட் முழுத் தடிமன் உள்ளது. அது நுழையவேண்டுமென்றால் பிஸ்டன் உள்ளே போய் இடம் விடவேண்டும். நல்ல பிஸ்டன் என்றால் ஒரு கிளாம்பை வைத்துத் திருகினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கும். இது இறங்குமா?

வாஷர் அவசரப்படவில்லை. குற்றவாளியைப் பிடிப்பதற்கு முன் நிரபராதிகளை வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும் என்பது அவள் சட்டம். பேட்டும் பிஸ்டனும் உட்கார்ந்திருக்கிற இரும்புக் கூடுதான் கேலிப்பர்; முதலில் அதில், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கிற சின்ன நிப்பிளைத் திறந்தாள். பிரேக் ஆயில் வருகிற ஹோஸ் உள்ளுக்குள் அடைத்துக்கொண்டிருந்தால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும். திறந்ததும் ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபடும். இங்கே இரண்டு சொட்டு வழிந்ததோடு சரி, பிடி தளரவில்லை. ஹோஸ் நிரபராதி. பிறகு கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டாள், ஹோஸில் பாரம் விழாதபடி. அது நகர்கிற இரண்டு பின்களையும் இழுத்துப் பார்த்தாள். வழவழவென்று வந்தன. அவையும் நிரபராதி.

"அப்போ பிஸ்டன்தான்" என்றார் புருஷன், பெரிய கிளாம்பை எடுத்துக்கொண்டே. "துரு ஏறியிருக்கும். விடு, நான் ஒரு திருகு திருகறேன்."

பழைய பேட்டைப் பிஸ்டன் முகத்தில் வைத்து, நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி அதன் மறுமுனையை பாட்டிலில் விட்டாள் வாஷர். உள்ளே இருக்கிற அழுக்கு ஆயில் வந்த வழியே மேலே திரும்பாமல் வெளியே வரட்டும் என்று. கிளாம்பை அவள் கையாலேயே திருகினாள். பிஸ்டன் ஒரு மயிரிழை உள்ளே போனது. கிளாம்பைத் தளர்த்தியதும் அந்த மயிரிழையும் திரும்பி வெளியே வந்தது.

மறுபடி திருகினாள். மறுபடி போனது, வந்தது.

"பலமா திருகு" என்றார் புருஷன்.

"சும்மா இருங்க."

"நான் பிடிக்கட்டுமா?"

"இருங்கன்னேன்ல." கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மெதுவாகத் திருகினாள். "துருன்னா கரகரன்னு கைக்குத் தெரியும். இது பஞ்சு மாதிரி கொடுக்குது, பிறகு திருப்பித் தள்ளுது. யாரோ உள்ள உக்காந்து கட்டிப்பிடிச்சிட்டிருக்காங்க."

ஸ்டூலில் இருந்த நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணி, ஜோசியம் பாக்கறீங்களா, வண்டி பாக்கறீங்களா? புது கேலிப்பர் வாங்கிப் போட்டா என்ன?"

"கடையில கேட்டாச்சு. இந்த மாடலுக்கு அடுத்த வாரம்தான் வருமாம்" என்றார் அண்ணன்காரர்.

நாத்தனார் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாவியை வேட்டி மடிப்புக்குள் இன்னும் ஆழமாகச் செருகினார்.

"உள்ள போகமாட்டேன்னு அடம் பிடிக்கறவனை உள்ள தள்ளக் கூடாது. வெளிய கூப்பிடணும்" என்றாள் வாஷர். நிப்பிளை மூடினாள். கேலிப்பரின் வாய்க்குள், பிஸ்டனுக்கு எதிரே, ஒரு மரக்கட்டையை வைத்தாள். "ஏறி பெடலை மிதிங்க. மெதுவா. கல்யாண மேடைக்கு நடக்கற மாதிரி."

புருஷன் மிதித்தார். பெடலின் அழுத்தத்துக்கு முன்னால் எந்தக் கிளாம்பும் நிற்க முடியாது. ஆயில் பின்னாலிருந்து தள்ள, பிஸ்டன் முனகிக்கொண்டே வெளியே வந்தது. வாஷர் விரலை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. அவசரத்தில் அங்கே விரலை விட்டவர்களுக்குப் பிற்பாடு எண்ணும்போது ஒன்று குறையும் என்பாள். இடையிடையே மேலே பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பிக்கொண்டாள். கடைசியில் 'டொப்' என்று பிஸ்டன் கட்டையில் வந்து மோதியது. ஆயில் தட்டில் கொட்டியது. ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்தாள்.

பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு புள்ளி துரு இல்லை.

"பிறகு ஏன் சிக்குச்சு?" என்றாள் நாத்தனார். இப்போது அவளுக்கே ஆவல்.

வாஷர் கேலிப்பரின் உட்சுவரில் பள்ளம் வெட்டி உட்காரவைத்திருக்கும் ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தாள். விரல் நடுவே வைத்து உருட்டினாள். ஒரே ஒரு உருட்டுதான். எத்தனையோ வருஷம் முன்னால் கெட்ட கூடையில் போட்ட வளையங்கள் எல்லாம் அவள் விரலுக்குள் வந்து நின்றன.

"இது என் பழைய கூட்டாளி" என்றாள். புது வளையத்தை உதிரி ரப்பர்கள் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். புதியது சதுர விளிம்போடு சிக்கென்று இருந்தது. பழையது கல்யாண வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டவன் மாதிரி உப்பி, பொதபொதவென்று.

"இங்க பாருமா நர்ஸம்மா. பிஸ்டனைத் திருப்பி இழுக்க உள்ள ஸ்பிரிங் ஒண்ணும் கிடையாது. இந்த வளையம்தான் எல்லாம். பெடலை மிதிச்சா பிஸ்டன் முன்னால போகும், வளையமும் அதோட சேர்ந்து கொஞ்சம் வளையும். காலை எடுத்தா வளையம் நிமிரும், நிமிரும்போது பிஸ்டனைத் துளி பின்னால இழுத்துக்கும். அந்தத் துளிதான் சக்கரத்துக்கு விடுதலை. இது வீங்கிப் போச்சுன்னா வளைய இடமில்ல, நிமிர இடமில்ல. பிஸ்டன் கழுத்தைப் பிடிச்சிட்டு உக்காந்திடும்."

"எல்லா வண்டியிலயும் இப்படித்தான் சிக்குமா?"

"இல்ல. முக்காவாசி துருதான். இந்த வெளி உறை கிழிஞ்சா தண்ணியும் சேறும் உள்ள போகும். பேட் தேஞ்சு வெளிய நீட்டிட்டிருக்கற பிஸ்டன்ல துரு பிடிக்கும். அதைத் தெரியாம உள்ள தள்ளினா துரு போய் வளையத்துல மாட்டிக்கும். பிரேக் ஆயிலும் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். வருஷக்கணக்கா மாத்தாம விட்டா உள்பக்கமே அரிக்கும். ஆனா இங்க உறை கிழியல, ஆயிலும் போன வருஷம் நானே மாத்தினது."

"அப்போ ரப்பர் ஏன் வீங்குது?"

வாஷர் வளையத்தை மூக்கருகே கொண்டுபோனாள். வாசனை பழக்கமானது. கதவு, கண்ணாடி, சீட்டு எல்லாவற்றிலும் வீசுகிற அதே வாசனை. வலது முன் சக்கரம் மழைக்காலத்தில் பஞ்சரானதும், அதை மாமனாரே கழற்றி மாட்டியதும் ஞாபகம் வந்தது. அவள் நிமிரவில்லை. சொன்னால் சாவி போகும். பொய் சொன்னாலோ தான் தினமும் பீற்றிக்கொள்கிற பிரேக்குக்கே துரோகம். வாயாடிக்கு வாய் அடைத்துப் போன அதிசயத்தைப் பார்த்துப் புருஷன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

"நான்தான்" என்றார் கிழவர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பஞ்சர் போட்ட அன்னிக்கு உள்ள எட்டிப் பாத்தேன். அந்த ரப்பர் உறை காஞ்ச மாதிரி இருந்துச்சு. பாவமேன்னு உதட்டைத் தூக்கி உள்ள கிரீஸ் வச்சேன். நல்லா நிறையவே வச்சேன்."

"பாவமேன்னா?" நாத்தனார் எழுந்தே விட்டாள். "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு போற வண்டிப்பா. கொடுங்க சாவிய."

கிழவர் கை மடிப்புக்குப் போனது. அவர் கொடுத்துவிடுவார் போலத்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் வாஷர். "பேச்சுன்னா பேச்சு. பரிசோதனையில பாஸாகலேன்னாதானே சாவி? கிரீஸ் வச்சதுக்குன்னு நீ சொல்லலயே."

"அண்ணி, விளையாடாதீங்க."

"விளையாடல. நீ என்ன சொன்ன? அப்பா கையில தெம்பு இல்லன்னு சொன்ன. ஒரு சக்கரம் பிடிச்சே கிடக்கற வண்டி வலது பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். இத்தனை நாளா அதை நேரா ஓட்டி, ஒரு பிள்ளை மேல ஒரு கீறல் விழாம கொண்டாந்து விட்டது யார் கைன்னு நினைக்கற? உன் அண்ணன ஓட்டச் சொல்லு, முதல் வளைவுலயே வேலியில சாத்துவார்."

"என்னை ஏன் இழுக்கற?" என்றார் அண்ணன்.

"ஆனா மாமா," வாஷர் குரல் மாறியது, "வண்டி இழுக்குதுன்னு தெரிஞ்சும் சொல்லாம வச்சிருந்தீங்க பாருங்க, அது தப்பு. சுத்தத் தப்பு. இனிமே வண்டி தும்மினாலும் என்கிட்ட சொல்லணும். சக்கரத்துக்கு உள்ளே உங்க கை போகக் கூடாது. டின்னைக் கொண்டாங்க."

கிழவர் மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியில் குனிந்து டின்னை எடுத்து, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற முகத்தோடு நீட்டினார். நாத்தனார் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆனால் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வாஷர் வேலை செய்த விதத்தைப் பார்க்கவேண்டும். கிரீஸ் பிரேக் ஆயிலிலும் கலந்திருந்தால் வண்டி முழுக்க உள்ள ரப்பர்கள் எல்லாம் கெட்டிருக்கும். அதனால் முதலில் வடிந்த ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்: மேலே எண்ணெய் மிதக்கவில்லை. டப்பா மூடியின் ரப்பரைக் கழற்றி உருட்டினாள்: உப்பவில்லை. இடது கேலிப்பரின் உறையையும் தூக்கிப் பார்த்தாள்: மாமனாரின் கருணை அந்தப் பக்கம் எட்டவில்லை. பிறகு கேலிப்பரின் உள்பக்கத்தைப் பிரேக் கழுவும் திரவத்தால் கழுவினாள். வளையம் உட்காரும் பள்ளத்தைச் சுவரில் கீறல் விழாதபடி மரக்குச்சியால் சுரண்டினாள். சூட்டில் நீலம் பாய்ந்திருந்த டிஸ்க்கை அளந்து பார்த்தாள். கோணவில்லை, தடிமனும் போதும். கடைசியாகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே விரல்களை நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

"எதுக்கு என்கிட்ட காட்டறீங்க?"

"பழக்கம்."

புது வளையத்தைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் உட்காரவைத்தாள். புது உறையைப் பொருத்தினாள். பிஸ்டனையும் நனைத்து நேராகப் பிடித்துக் கேலிப்பரின் வாயில் வைத்தாள். புருஷன் கிளாம்பை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு கட்டைவிரலையும் பிஸ்டன் மேல் வைத்து அழுத்தினாள். குழந்தை மடியில் சாய்வது போல அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அடிவரைக்கும்.

புருஷன் கிளாம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

புது பேட்டுகள் சொருகியதும் தெரியாமல் உட்கார்ந்தன. இடது பக்கத்துக்கும் புதியதே போட்டாள். ஒரு கால் புதுச் செருப்பும் ஒரு கால் பழசுமாக நடந்தால் நொண்டத்தான் வேண்டும். ஆயிலை மாற்றி, நாலு சக்கரத்துப் பிரேக்கிலும் சிக்கிய காற்றை எடுத்து, பெடல் கல் மாதிரி நிற்கும்வரை பார்த்தாள். மாமனாரைத் திடலில் சுற்றவிட்டு, பேட் படியும் வரை மிதமாக நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னாள். இறங்கி வந்து இரண்டு முன் சக்கரங்களிலும் கை வைத்தாள். ஒரே சூடு.

பரிசோதனை நிலையத்தில் முன் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, பிரேக்கை மிதிக்கச் சொல்லுவார்கள். இடதுக்கு ஒரு முள், வலதுக்கு ஒரு முள். கிழவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மிதித்தார். இரண்டு முள்ளும் ஜோடி போட்டுக்கொண்டு ஏறின. ஒன்று நின்ற இடத்திலேயே மற்றதும் நின்றது. நாத்தனார் முள்ளைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங் மேலிருந்த அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடவே இல்லை.

"பிரேக்கு யார் பாத்தது?" என்று பரிசோதகர் கேட்டார்.

"என் மருமக" என்றார் கிழவர், பக்கத்து வரிசையில் நின்ற லாரிக்காரருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்கு வரும் வழியில் நாத்தனார் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ஒரு வளைவில் மட்டும், "அப்பா, வண்டி இழுத்தா என்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். "சொல்றேன்" என்றார். சாவி அதன் ஆணிக்குத் திரும்பியது. கிரீஸ் டின் ஒர்க்‌ஷாப் கேட்டின் கீலுக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் தெரு முனையில் கிழவர் நாலு பேரை நிறுத்திவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாலுக்குப் போன வாஷர் காதில் விழுந்தது.

"ரெண்டு ஆம்பளைங்க கிளாம்பு போட்டுத் திருகினாங்க, அசையல. என் மருமக வந்தா. ரெண்டே விரல். ஊதின மாதிரி உள்ள போச்சு."

திருத்துவாளோ என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். வாஷர் பால் பாத்திரத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"ஒரு விரல் மாமா" என்றாள், நடந்துகொண்டே.